உண்டியலில் மாட்டிய கை

நீங்களே ஜன்னல் பக்கம் உட்காருங்கள் அக்கா. இவளுக்கு ஜன்னல் கொடுத்தால் பாதி உடம்பு வெளியே போய்விடும். என் மடியிலேயே இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவாள். டெல்ஃபி, ஆன்ட்டி பையைத் தொடாதே. அது முறுக்குதான், தெரிகிறது, அதற்காகக் கேட்கக் கூடாது. ஐயோ, கொடுக்காதீர்கள் அக்கா. சரி, ஒன்றே ஒன்று.

நாங்கள் அருப்புக்கோட்டையில் இறங்குகிறோம். மதுரை போகிற சில வண்டிகள் ஊருக்குள் போகாமல் பைபாஸிலேயே ஓடிவிடும் என்றார்கள். அதனால் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டேன். உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை கேட்டேன். டிக்கெட் கொடுக்கும்போது அவரே, "பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே கொண்டு போய் நிறுத்துறேன் தாயி" என்று சிரித்துவிட்டார். பயமெல்லாம் இல்லை. கேட்டுக்கொள்வது நல்லதுதானே.

சொந்தக்காரர் யாரும் இல்லை அக்கா. கிரில் செய்யக் கொடுக்கப் போகிறேன். எங்கள் வீட்டு மாடி ஜன்னலுக்குக் கம்பி இல்லை, இவளை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஒரு காபி குடிக்க முடியவில்லை. தூத்துக்குடியில் வெல்டிங் பட்டறை இல்லையா என்று கேட்காதீர்கள். எங்கள் அம்மாவும் அதையே கேட்டார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு இருக்கிறது. ஆனால் தெரிந்தவர் கடையில் கொடுப்பது போல் வருமா?

தெரிந்தவர் என்றால், நேரில் இன்னும் பார்த்ததில்லை. போனில்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, உங்களிடம் சொன்னால் என்ன, நீங்கள் மதுரை, நான் தூத்துக்குடி. என் பெயர் ரொவினா. கூரியர் ஆபீஸில் வேலை. இவளுடைய அப்பா கப்பலில் வேலைக்குப் போனவர், போன இடத்தில் வேறு குடும்பம் ஆகிவிட்டது, கோர்ட்டும் விவாகரத்து எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கதை நீளம், அதில் சிரிப்பும் இல்லை, அதை விடுங்கள்.

என் கூட வேலை பார்க்கிற உகந்தாள்தான் என் போனில் அந்த ஆப்பை ஏற்றினாள். துணை தேடுகிற ஆப். போட்டோ வரும், பிடித்தால் வலப்பக்கம் தள்ள வேண்டும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். நாம் தள்ளியவரும் நம்மை வலப்பக்கம் தள்ளியிருந்தால் மேட்ச் என்று வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் பேச முடியும். மனிதரை விரலால் ஓரம் தள்ளுவது பாவமில்லையா? ஒவ்வொருவரையும் தள்ளுமுன் மனதுக்குள் ஒரு ஸாரி சொல்லிக்கொண்டேன்.

மேட்ச் விழுவது கஷ்டமில்லை அக்கா. பேச்சு நிற்காமல் போவதுதான் கஷ்டம். "ஹாய்" என்பார்கள். நானும் ஹாய். "சாப்பிட்டாச்சா" என்பார்கள். ஆச்சு. "என்ன சாப்பாடு?" ரசம். ரசத்தோடு முடிந்துபோகும். மறுநாள் மறுபடியும் ஹாய். ஒருவரோடு பத்து நாள் இப்படியே போனது. அவர் வீட்டில் என்றைக்கு என்ன குழம்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும், அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அப்புறம் நான் நேர்மையாக இருக்கலாம் என்று, முதல் வரியிலேயே, எனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள் என்று எழுதினேன். ஒருவர் "ஓ" என்றார். அடுத்த தடவை பார்த்தால் அவரே இல்லை, அவரோடு பேசியதும் இல்லை. மேட்ச்சை அவர் எடுத்துவிட்டால் மொத்தப் பேச்சும் அப்படியே மறைந்துவிடும். இன்னொருவர் நல்லவர், "குழந்தைக்கு என் ஆசீர்வாதம்" என்று எழுதிவிட்டு மறைந்தார். இவள் அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து என் புடவை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ அவளை யாரோ இடப்பக்கம் தள்ளின மாதிரி இருந்தது.

அதனால் அமலதாஸ் வந்தபோது நான் குழந்தையைப் பற்றிச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை அக்கா. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஆப்பில் அதற்கென்று இருந்த கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விடுவது பொய்யா?

அவர் அருப்புக்கோட்டையில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். முப்பத்தாறு வயது. அக்காவுக்குக் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தன்னுடையதைத் தள்ளித் தள்ளி வைத்தவர். முதல் நாளே ஹாய், சாப்பிட்டாச்சா, ரசம். இதுவும் ரசத்தோடு போகப்போகிறது என்று உகந்தாளிடம் புலம்பினேன். அவள், "கேள்வி கேட்டா பதில்தான் வரும். உனக்கு நடந்த கூத்து எதையாவது சின்னதா சொல்லு, அவரா பேசுவாரு" என்றாள்.

கதை எழுதுவது எனக்குப் பெரிய விஷயமா? கான்வென்டில் கட்டுரைப் போட்டியில் எப்போதும் எனக்குத்தான் பரிசு. சிஸ்டர் இக்னேஷியா சொல்லிக்கொடுத்த மாதிரி முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மதிய இடைவேளையில் உட்கார்ந்து, போன மழையில் என் குடை காற்றில் பறந்து மீன் ஏலத்துக்கு நடுவில் விழுந்த கதையை எழுதினேன். எங்கள் ஊர் ஒரு அழகிய துறைமுக நகரம் என்று ஆரம்பித்தேன். மழை வரும் மாதங்களைச் சொன்னேன். குடை எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொன்னேன். குடை விழுந்ததைப் பாவம் கடைசியில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, ஆகவே காற்றடிக்கும்போது குடையை இறுகப் பிடிப்பதே நல்லது என்று முடித்தேன். அப்புறம், அவருக்கு இது சிரிப்புக் கதை என்று தெரிய வேண்டுமே என்று, கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை முகத்தை நாலு தடவை போட்டேன்.

அவரிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான்.

உகந்தாள் என் போனை வாங்கிப் படித்துப் பார்த்தாள். படித்து முடிப்பதற்குள் அவள் டிபன் பாக்ஸே காலியாகிவிட்டது. "இதுக்கு அந்த மனுஷன் என்னடி சொல்லுவாரு? ஆமா, குடையை இறுகப் பிடிக்கணும்னா?" என்றாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். குடை பறக்கிற இடத்திலேயே ஆரம்பிக்க வேண்டுமாம், மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. இன்று ஒரு தமாஷ் நடந்தது என்று முன்கூட்டிச் சொல்லவே கூடாதாம், சொன்னால் அவர் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பார், பிறகு எதுவும் போதாது. நாமே சிரித்துவிட்டால் அவருக்குச் சிரிக்க மிச்சம் இருக்காதாம். ஒரு ஆள், ஒரு இடம், ஒரு மாட்டல். மூன்று வரி, ஒவ்வொரு வரியும் தனித்தனி மெசேஜ். நாமே மாட்டிக்கொண்டதாக இருந்தால் நல்லது, அதற்காக அழுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, முடிவைச் சொல்லிவிடக் கூடாது.

"அவரு கை நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை விட்டுட்டு நிறுத்திடணும். உள்ள என்ன இருக்குன்னு அவரே கையை விட்டுத் தேடணும்" என்றாள். அவள் இதைச் சொன்னபோது பின்னால் எனக்கு என்ன வரப்போகிறது என்று அவளுக்கும் தெரியாது.

ஆனால் என் வாழ்க்கையில் தமாஷாக நடப்பதெல்லாம் இதோ இவளால்தானே நடக்கிறது? நான் தனியாக என்ன செய்கிறேன், பார்சலில் ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். அதனால் இவள் செய்ததை எடுத்து, இவளைக் கழற்றிவிட்டு, நான் செய்தேன் என்று எழுதினேன்.

முதலில் செருப்புக் கதை. அன்றைக்கு உண்மையாகவே நடந்தது. இப்படி அனுப்பினேன்:

"இன்னைக்கு ரெண்டு காலுக்கும் இடது செருப்பு போட்டு ஆபீஸ் வந்துட்டேன்."

"மேனேஜர் ரொம்ப நேரம் என் காலையே பார்த்தார்."

"மேடம், நீங்க நேரா நடந்தாலும் சுவர் பக்கமா போறீங்களேன்னார்."

நிறுத்திவிட்டேன். பொம்மை முகம் போட விரல் துடித்தது, போடவில்லை. அவர் பக்கத்தில் டைப் செய்கிறார் என்று மூன்று புள்ளி குதித்தது. அக்கா, அந்தப் புள்ளி குதிக்கும்போது வயிற்றுக்குள் ஏதோ கூடவே குதிக்கும். எனக்கு அல்சர் இருக்கிறது, அதனால் இருக்கும்.

"அப்போ வலது ரெண்டும் எங்கே?" என்று வந்தது.

பார்த்தீர்களா? அவராகக் கேட்டார். நான் அரிசி டிரம்முக்குள் என்றேன். செருப்பு அரிசி டிரம்முக்குள் ஏன் போனது என்றார். இவள்தான் அதற்கு ஜலதோஷம் என்று சொல்லி, துண்டில் சுற்றித் தூங்க வைத்திருந்தாள். அதை எப்படிச் சொல்வது? ஞாபக மறதியில் நான்தான் வைத்தேன் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தன் பட்டறையில் சுத்தியலை டிபன் தூக்குக்குள் போட்டு மூடிவிட்டு நாலு நாள் தேடியதைச் சொன்னார். நான் சாம்பார் மணத்ததா என்றேன். அப்படியே சாயங்காலம் வரை போனது.

பிறகு தினம் ஒன்று. தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டது. எல்லாம் நானே செய்த மாதிரி. அவர் ஒரு நாள், "உங்களுக்கு உண்மையிலேயே முப்பது வயசா" என்றார். அவர் மனதில் நான் எப்படி இருந்திருப்பேன், நினைத்துப் பாருங்கள். அப்படியும் அந்த மனிதர் என்னை இடப்பக்கம் தள்ளவில்லை. நான் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பொழுது போகிறது என்று பேசினேன். சார்ஜ் போடும்போதுகூடப் போனைக் கையில் வைத்திருந்தேன் என்றால் ஆபீஸ் போன் வரும் என்றுதான்.

அப்புறம் உண்டியல்.

எங்கள் மாதா கோவிலில் திருவிழா சமயம். உண்டியல் கழுத்து வரை நிறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் காணிக்கை போடப் போனபோது இவளும் போனாள். இவளுக்கு ஒரு கிளிப் உண்டு, ஸ்ட்ராபெரி வைத்தது, குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். அதைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் உருகிப்போனார்கள். இவள் இரண்டடி வந்தாள். யோசித்தாள். திரும்பிப் போய் கையை உள்ளே விட்டுவிட்டாள். கை தட்டையாக உள்ளே போனது, கிளிப்பைப் பிடித்த முஷ்டி வெளியே வரவில்லை. விடு என்றால் விடமாட்டேன் என்கிறாள். கோவிலே திரும்பிப் பார்க்கிறது. கடைசியில் கோவிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதாயிற்று.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவருக்கு அனுப்பினேன்:

"இன்னைக்குப் பூசையில உண்டியல்ல கை மாட்டிக்கிச்சு."

"கோயில்பிள்ளை தேங்காய் எண்ணெயோட ஓடி வந்தார்."

"கை வர்ற வரைக்கும் பாட்டுக்குழு காணிக்கைப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிட்டே இருந்தாங்க."

உகந்தாளுக்குக் காட்டினேன், இதைவிட நன்றாக எழுத முடியாது என்றாள். சிஸ்டர் இக்னேஷியா பார்த்திருந்தால் முன்னுரை எங்கே என்று கேட்டிருப்பார். அமலதாஸ் உடனே, "எவ்வளவு தேறுச்சு?" என்று கேட்டார். நான் தெருவில் நின்று சிரித்தேன் அக்கா, பால்காரர் பார்த்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் அவருக்கு உண்டியல் மேடம்.

மறுநாள் காலையில் பார்த்தால் அவரிடமிருந்து ஒரு மெசேஜ். கேலி இல்லை. பட்டறை ஆளாகவே கேட்டிருந்தார்.

"யோசிச்சுப் பார்த்தேன். நான் கோயிலுக்கு நாலு உண்டியல் செஞ்சிருக்கேன். வாயை முக்கால் இஞ்சுக்கு மேல வெட்ட மாட்டோம். பெரியவங்க விரல் போகும், உள்ளங்கை போகாது. அது யார் கை?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். அப்புறம் அரிசி டிரம்முக்குள் வைத்தேன், சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று. இரண்டு நாள் பதில் போடவில்லை. சொன்னால் மறைந்துவிடுவார். சொல்லாவிட்டால் இவளை ஆயுளுக்கும் கழற்றிவைத்துக்கொண்டே பேச வேண்டும், ஆட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டது நான்தான் என்று. இவள் அந்த இரண்டு நாளும், "என் கிளிப் இருட்டுல பயப்படுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பயப்படாது என்றேன். அது எனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது, ஆனால் அப்படி இல்லை, அவளுக்குத்தான் சொன்னேன்.

கடைசியில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். மதிப்பிற்குரிய அமலதாஸ் அவர்களுக்கு என்று ஆரம்பித்து, என் கல்யாணம், கப்பல், கோர்ட், நான் ஏன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன் என்பதற்கான காரணங்கள், கடைசியில் நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் தலைவணங்கி ஏற்பேன். அனுப்புமுன் உகந்தாளிடம் காட்டினேன். பாதி படித்துவிட்டு, "லீவ் லெட்டரா?" என்றாள். "இதைப் படிச்சா அவரு முடிவுதான் எடுக்கணும். பேச என்ன இருக்கு? அவரு கேட்டது ஒரே கேள்வி. யார் கைன்னு. அதைச் சொல்லு."

அழித்துவிட்டேன். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து இப்படி எழுதினேன்:

"டெல்ஃபி கை. நாலு வயசு. என் மக."

"ஸ்ட்ராபெரி கிளிப்பைக் காணிக்கை போட்டா. போட்டதும் மனசு மாறி எடுக்கப் போனா. பிடிச்ச பிடியை விடல, அதான் மாட்டுச்சு."

"செருப்பைத் தூங்க வெச்சதும் அவதான். நான் ஒரு தடவைகூட டிரம்முக்குள்ள உட்கார்ந்ததில்லை."

அனுப்பியதும் இரண்டு டிக்கும் நீலமானது. படித்துவிட்டார். மூன்று புள்ளி குதித்தது. நின்றது. மறுபடி குதித்தது. நின்றது. போனை மூடிவிட்டு உள்ளே போய், ஒரு பார்சலில் ஒரே ஸ்டிக்கரை மேல் மேல் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆப்பைத் திறந்தால் அவர் இருப்பாரா, மொத்தப் பேச்சும் மறைந்திருக்குமா என்று பயந்து திறக்காமல், உகந்தாளைத் திறக்கச் சொன்னேன். அவள் பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாள்.

"கிளிப் வந்துச்சா?"

அவ்வளவுதான் அக்கா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆபீஸில் அட்டைப்பெட்டித் தூசு ஜாஸ்தி, கண்ணில் விழுந்துவிட்டது, துடைத்துவிட்டுத்தான் டைப் செய்தேன்.

வரவில்லை என்று எழுதினேன். எண்ணெய் ஊற்றியதும் பிடி வழுக்கிக் கிளிப் உள்ளே விழுந்துவிட்டது, சாவி பங்குச் சாமியாரிடம் இருக்கிறது, திருவிழா முடிந்துதான் திறப்பார்கள். அவர் "ஐயோ பாவம்" என்றார். பிறகு அவர் கதையைச் சொன்னார். அவரும் மூன்று வரியில்தான் சொன்னார். தனியாகச் செய்த முதல் வேலையில் கிரில்லைப் பற்றவைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், அவர் உள்ளே நிற்கிறார், மெஷின் வெளியே நிற்கிறது. நான் எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். நேரில் சொல்கிறேன் என்றார்.

அந்த ஓட்டையை அவர் விட்டார் அக்கா, நான் கையை விட்டுவிட்டேன். அதாவது, கிரில் விஷயமாக.

எல்லாம் ஜாக்கிரதையாகத்தான் போகிறேன். பட்டப்பகல், அவர் வந்து நிற்பது பஸ் ஸ்டாண்டில், சுற்றி ஆயிரம் பேர். நான் எங்கே போகிறேன் என்பது உகந்தாளின் போனில் நகர்ந்துகொண்டே இருக்கும். அம்மாவிடம்தான் கிரில் என்று மட்டும் சொன்னேன். இந்தப் புடவையா? சும்மா கையில் கிடைத்தது. இவளுக்குப் புதுக் கவுன் போட்டதும் அப்படித்தான், பழையது காயவில்லை.

சுருக்கமாகச் சொல்வது எவ்வளவு நல்லது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. முன்பெல்லாம் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன். எது, இது பந்தல்குடியா? பந்தல்குடியும் போய்விட்டதா? நான் எட்டயபுரம் வந்ததையே பார்க்கவில்லையே. டெல்ஃபி, எழுந்திரு. எழுந்திரும்மா. முறுக்கைக் கீழே போடாதே.

ஏன் அக்கா வேர்க்கிறது எனக்கு, இந்த வண்டியில் காற்றே வரவில்லை. அவர் போட்டோவில் இருக்கிற மாதிரி இல்லாவிட்டால்? பார்த்ததும் இவளைப் பார்த்து "ஓ" என்றால்? போனில் கிளிப் வந்ததா என்று கேட்பது சுலபம். நேரில் இவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள், மூக்கைத் துடைப்பாள். இப்படியே உங்களோடு மதுரைக்கே வந்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பிப் போய்விட்டால் என்ன? கண்டக்டர் விடமாட்டார், இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

வந்துவிட்டது. உங்கள் ஜன்னலிலிருந்து பாருங்கள், கட்டம் போட்ட சட்டை. டீக்கடைப் பக்கம். அவர்தான். போட்டோவைவிடக் கொஞ்சம் கறுப்பு, வெல்டிங் வெளிச்சம். கையில் என்ன வைத்திருக்கிறார்? சிவப்பாக, பெட்டி மாதிரி. ஸ்வீட் பாக்ஸா? இல்லை, தகரம்.

அக்கா, அது உண்டியல்.

அதன் வாயைப் பாருங்கள். எவ்வளவு அகலம், ஒரு பூனையே நுழைந்து வரும். ஓரமெல்லாம் வெட்டாமல் இருக்க மடித்து உருட்டியிருக்கிறார். முஷ்டியோடு போய் முஷ்டியோடு வரலாம். டெல்ஃபி பார்த்துவிட்டாள். அவள் இப்போதே கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், பாருங்கள் இந்த வெட்கம் கெட்டதை. அவரும் அவளைத்தான் பார்க்கிறார், என்னை இன்னும் பார்க்கவே இல்லை.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். அந்தப் பையை எடுத்துக் கொடுங்கள் அக்கா. என்ன கேட்டீர்கள்? ஜன்னல் அளவா?

ஐயோ, அதை எடுக்கவே இல்லையே.

சரி போகட்டும். அவரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளட்டும்.